வள்ளுவருக்கு ஒன்பது நிலா உயரம்

கன்னியாகுமரிப் படம் போட்ட காலண்டர்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். கரியநிற வானம், அதில் நட்சத்திரங்கள், வள்ளுவர் சிலைக்குப் பின்னால் அவர் இடுப்பளவுக்கு ஒரு முழுநிலா. நிலாவின் பள்ளங்களும் கறைகளும் ஊசி முனையில் வரைந்ததுபோல் துல்லியமாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் அது பிற்பாடு சேர்த்த நிலா என்று தெரிந்துவிடுகிறது. எதனால் தெரிகிறது என்று கேட்டால் எல்லாரும் அளவைத்தான் சொல்வார்கள். நிலா மிகப் பெரிதாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே படத்தில் நிலாவைப் பாதியாகச் சுருக்கினாலும் நம்பிக்கை வராது. அந்த வானத்துக்கும் அந்த நிலாவுக்கும் நேரம் பொருந்தவில்லை, வெளிச்சம் பொருந்தவில்லை.

இரவுக் காட்சியில் நிலாவைச் சேர்ப்பது தொழிலில் அன்றாடம் நடப்பது. புத்தக அட்டை, காலண்டர், திருமண ஆல்பம், சினிமா என்று எங்கும் உண்டு. செய்தியாக அச்சாகும் படத்தில் அதைச் செய்யக்கூடாது. மற்ற இடங்களில் தாராளமாகச் செய்யலாம், செய்ததைச் சொல்லிவிட்டால் போதும். ஒழுங்காகச் செய்வதற்கு ஓவியத் திறமையைக் காட்டிலும் வானத்தைப் பற்றிய கொஞ்சம் கணக்குதான் அதிகம் உதவுகிறது. கன்னியாகுமரியையே எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நம்மிடம் இருக்கும் படம் இது என்று வைத்துக்கொள்வோம். கரையில் கிழக்கு பார்த்து நின்று, 135 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தது. கேமரா பெரிய சென்சார் கொண்டது. படத்தின் அகலம் 6000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். பொழுது சாய்ந்து சுமார் இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. சிலையின் மேல் விளக்குகள் போட்டுவிட்டார்கள், வானம் ஆழ்ந்த நீலத்தில் இருக்கிறது. சிலை பீடத்தோடு சேர்த்துப் படத்தில் 1800 பிக்சல் உயரம் வருகிறது. இதில் சித்ரா பௌர்ணமி நிலா ஒன்றை வைக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக வைப்பது?

நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். அதாவது தூரம் விட்டத்தைப்போல் சுமார் 110 மடங்கு. இந்த 110 என்ற ஓர் எண் கையில் இருந்தால் போதும். எந்தப் பொருளும் தன் உயரத்தைப்போல் 110 மடங்கு தள்ளி நிற்கும்போது நிலாவின் உயரம் அளவுக்கே தெரியும். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, ஏறக்குறைய நாற்பதரை மீட்டர். அது நிலாவின் அளவுக்குச் சுருங்கித் தெரிய வேண்டுமானால் நாம் நாலரைக் கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். கரையில் நாம் நிற்கும் இடத்திலிருந்து சிலை அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அங்கே நிலா மறைக்கும் உயரம் நாலரை மீட்டர்தான். சிலையின் உயரத்தில் ஒன்பது நிலாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

ஆகவே 1800 பிக்சலை ஒன்பதால் வகுத்தால் 200 பிக்சல். அதுதான் இந்தப் படத்தில் நிலாவின் விட்டம். இதற்கு லென்ஸ் விவரம்கூடத் தேவைப்படவில்லை. உயரமும் தூரமும் தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் போதும். லென்ஸ் வழியாகவும் சரிபார்க்கலாம். 135 மில்லிமீட்டரை 110-ஆல் வகுத்தால் சென்சார் மேல் நிலா விழும் அளவு கிடைக்கும்: 1.23 மில்லிமீட்டர். 36 மில்லிமீட்டர் அகலத்துக்கு 6000 பிக்சல் என்றால் 1.23 மில்லிமீட்டருக்கு 205 பிக்சல். இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வருகிறது. நிலா பூமிக்கு அருகே வரும் நாளிலும் மிகத் தொலைவில் இருக்கும் நாளிலும் இந்த 200 என்பது 190-க்கும் 220-க்கும் இடையில்தான் ஆடும். 'சூப்பர் மூன்' என்று பெரிதாகப் பேசப்படும் வித்தியாசம் அவ்வளவுதான்.

இதே காட்சியைச் செல்போனில் எடுத்திருந்தால் கதை வேறு. செல்போனின் முதன்மைக் கேமரா ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். 4000 பிக்சல் அகலப் படத்தில் நிலா வெறும் 26 பிக்சல்தான் வரும். கண்ணால் பார்த்தபோது அத்தனை பெரிதாக இருந்த நிலா போனில் ஒரு புள்ளியாகிப் போனதே என்று நாம் எல்லாரும் வருந்தியிருக்கிறோம். அங்கே கேமரா சரியாகத்தான் பதிந்திருக்கிறது. அடிவானத்து நிலாவைப் பெரிதாகக் காண்பது நம் மூளைதான். அளந்து பார்த்தால் அடிவானத்து நிலா உச்சி நிலாவைவிட மயிரிழை சிறியது. பூமியின் ஆரம் அளவுக்கு அது நமக்குத் தள்ளி இருக்கிறது.

மூளையின் இந்தப் பழக்கத்தைப் படம் செய்கிறவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கணக்குப்படி வரும் அளவை ஒன்றரை மடங்கு பெருக்கினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தாங்கள் கண்ணால் கண்டதுபோலவே இருக்கிறது என்கிறார்கள். நம் படத்தில் 300 பிக்சல் வரை போகலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் சிலை சிறுத்துவிடும். நிலாவை வைத்துச் சிலையை அளப்பதும் கண்ணின் வேலைதானே. 133 அடிக் கல்லின் பிரம்மாண்டத்தைக் காட்டத்தான் அந்தப் படத்தையே எடுத்தோம் என்பதை மறக்கக்கூடாது.

அளவு முடிந்தது. இனி எங்கே வைப்பது? இதை அழகு பார்த்து முடிவு செய்கிறவர்களே அதிகம். இடதுபக்கம் வெற்றாக இருக்கிறது, அங்கே ஒரு நிலா இருக்கட்டும் என்பார்கள். ஆனால் முழுநிலா எங்கே இருக்கும் என்பதை வானத்தின் நிறம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. பௌர்ணமியன்று சூரியனும் நிலாவும் வானத்தில் எதிரெதிரே இருக்கின்றன. மேற்கில் சூரியன் இறங்குகிற பொழுதை ஒட்டித்தான் கிழக்கில் நிலா எழும். சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் கூட்டம் கூடுவதே இரண்டையும் கடலின் மேல் ஒரே மாலையில் பார்க்கத்தான். சூரியன் எத்தனை டிகிரி கீழே போயிருக்கிறதோ, முழுநிலா ஏறத்தாழ அத்தனை டிகிரி மேலே வந்திருக்கும். படத்தின் வானத்தைப் பார்த்துச் சூரியன் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நிலாவின் உயரம் தானாக வந்துவிடுகிறது.

நம் ஊர் அட்சரேகையில் நிலா ஏறக்குறைய நேர் மேலாக எழுகிறது. ஒரு டிகிரி ஏற நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். தன் விட்டம் அளவு உயர இரண்டு நிமிடம். சிலையின் உயரம் நாலரை டிகிரிக்குச் சற்று அதிகம் என்பதால், கடல்மட்டத்திலிருந்து வள்ளுவர் தலைமட்டத்துக்கு வர நிலாவுக்கு இருபது நிமிடம் வேண்டும். நம் படமும் சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் எடுத்தது. ஆகவே தலைமட்டத்தில், அல்லது தோளருகே நிலாவை வைத்தால் அந்த நீல வானம் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். வானத்தில் இளஞ்சிவப்பு இன்னும் மிச்சமிருக்கும் படமாக இருந்தால் நிலா பீடத்தருகே, கடலை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்தக் காலண்டர் படத்துக்கு வருவோம். வானம் முழுக்கக் கறுத்து நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சூரியன் பதினெட்டு டிகிரி வரை கீழே போக வேண்டும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குள் முழுநிலா பதினேழு, பதினெட்டு டிகிரி ஏறிவிடும். அது சிலையைப்போல் நான்கு மடங்கு உயரம். 135 மில்லிமீட்டர் லென்ஸின் சட்டம் மேலிருந்து கீழாகப் பத்து டிகிரிதான் பிடிக்கும். அந்த வானத்தில் அந்தச் சட்டத்துக்குள் பௌர்ணமி நிலா இருக்கவே முடியாது. போதாக்குறைக்கு முழுநிலா எழுந்தபின் வானமே வெளுத்துவிடும். பால்வீதி தெரியாது, மங்கலான நட்சத்திரங்களும் காணாமல் போகும்.

கறுத்த வானமே வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பௌர்ணமி கழிந்து இரண்டாம் மூன்றாம் நாள் நிலாவைப் பயன்படுத்துவது. நாளுக்கு முக்கால் மணி நேரம் போல நிலா எழுவது பிந்துகிறது. ஆகவே தேய்பிறைத் துவிதியை, திருதியை நிலா இருட்டிய பிறகுதான் கடலிலிருந்து வரும். ஆனால் அது முழு வட்டமாக இராது. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டுப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகியதால் வலப்பக்கத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். தென்தமிழ்நாட்டில் கிழக்கே எழும் தேய்பிறை நிலாவுக்கு மேல்விளிம்பு தேய்ந்திருக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது. ஒளி பெற்ற பக்கம் எப்போதும் சூரியனை நோக்கித்தான் இருக்கும். அந்திப் பிறை நமக்குப் படகுபோல் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

முழுநிலாவுக்கும் மேல் கீழ் உண்டு. இணையத்தில் கிடைக்கும் நிலாப் படங்களில் பெரும்பாலானவை வடக்குப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வைத்தவை. அவற்றில் வலது விளிம்பருகே மற்ற கறைகளோடு சேராமல் தனித்து நிற்கும் முட்டை வடிவக் கறை ஒன்று தெரியும். மாரே கிரிசியம் என்று பெயர். கீழ்ப்பாதியில் ஒளிக்கீற்றுகள் விரியும் டைக்கோ பள்ளம். நம் கிழக்கு அடிவானத்தில் நிலா எழும்போது வடக்கு இடக்கைப் பக்கம் இருக்கிறது. அதனால் மாரே கிரிசியம் உச்சியில் இருக்கும், டைக்கோ வலப்பக்கம் வரும். அதாவது இணையத்து நிலாவை இடப்பக்கமாகக் கிட்டத்தட்டக் கால் வட்டம் சுழற்றியபின்தான் கன்னியாகுமரியில் ஒட்ட வேண்டும். கறைகளின் பெயர் தெரியாதவர்களும் பாட்டியையும் முயலையும் அந்தக் கோணத்தில் பார்த்தே வளர்ந்தவர்கள். ஏதோ சரியில்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். ஐயமிருந்தால் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்து நிலாவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நிலாவின் இடம் படத்தின் நேரத்தை எவ்வளவு கறாராகச் சொல்லிவிடும் என்பதற்குப் புகைப்பட வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்த தேதியை அவர் சரியாகக் குறித்து வைக்கவில்லை. 1991-இல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர் படத்தில் நிலா இருந்த இடத்தை வைத்தே கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று சொன்னார்.

ஆடம்ஸின் அந்தப் படம் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. அன்று அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். ஏன் அப்படிக் கணக்கிட முடிந்தது என்றால், நிலா நட்டநடு வெயிலில் கிடக்கும் பாறை. பூமியில் இரவாக இருக்கலாம், நிலாவின் மேல் அடிப்பது பகல் வெயில். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 11, வேகம் நூற்றில் ஒரு விநாடி என்று வைத்தால் உயரத்தில் இருக்கும் முழுநிலா கறைகளோடு பதிவாகிவிடும். ஆனால் அந்த நிலா பூமியின் மேல் வீசும் ஒளி, நேர் வெயிலில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. நிலவொளியில் கிடக்கும் வயலையோ கடலையோ எடுக்க ஐஎஸ்ஓவை எட்டு மடங்கு கூட்டி, துவாரத்தை நன்கு திறந்து, பத்து முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் திறந்திருக்கும் கேமராவில் நிலா வெறும் வெள்ளைப் பிழம்பாகத்தான் விழும். நிலவொளியில் பளிச்சென்ற கடற்கரையும் துல்லியமான கறைகளும் ஒரே படத்தில் வந்தால் கண் சந்தேகப்படுவது இதனால்தான்.

இரண்டும் ஒத்துப்போகும் நேரம் ஒன்று இருக்கிறது. அது நம் படத்தின் நேரம்தான். பொழுது சாய்ந்து பதினைந்து இருபது நிமிடம் வரை வானத்தின் வெளிச்சமும் தாழ்ந்து நிற்கும் நிலாவின் வெளிச்சமும் ஒரே எக்ஸ்போஷருக்குள் அடங்கும். அப்போது இன்னொரு வசதியும் உண்டு. அந்திவானம் தரும் ஒளி, நிலா தருவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நிலா தரையில் எதையும் வெளுக்கச் செய்வதில்லை. சிலையின் ஓரங்களில் வெள்ளி விளிம்பு வரைவது, பாறைக்கு நிழல் போடுவது, நிலாவைச் சுற்றி அகன்ற ஒளிவட்டம் ஊதுவது எல்லாம் இந்த நேரத்துக்குத் தேவையில்லாத வேலைகள். செய்யச் செய்யப் படம் கெடும். இருட்டிய வானத்துப் படமானால் நிழலைக் கவனித்தாக வேண்டும். நிலா நமக்கு எதிரே இருந்தால் நிழல்கள் நம்மை நோக்கி நீளும், பொருள்களின் நம்மைப் பார்த்த முகம் இருண்டிருக்கும். மின்விளக்கு வெளிச்சம் விழுந்த முகம் மட்டும் விதிவிலக்கு.

இனி ஒட்டும் வேலை. கறுப்புப் பின்னணியில் எடுத்த நிலாப் படத்தை ஃபோட்டோஷாப்பில் தனி லேயராக வைத்து, 200 பிக்சலுக்குச் சுருக்கி, சுழற்றி, இடத்தில் வைத்தாயிற்று. லேயரின் கலப்பு முறையை Screen என்று மாற்ற வேண்டும். கறுப்பு மறைந்துவிடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. Screen செய்வது இருக்கும் ஒளியின்மேல் ஒளியைச் சேர்ப்பது. வானத்திலும் அதேதான் நடக்கிறது. வானத்தின் நீலம் நமக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள காற்றிலிருந்து வருகிறது. நிலாவின் கறைகளுக்கு முன்னாலும் அந்த நீலம் நிற்கிறது. அதனால் நிலாவில் உள்ள எந்தக் கறையும் பக்கத்து வானத்தைவிட இருண்டு இருக்க முடியாது. ஒட்டிய நிலாவைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நேர்மையான சோதனை இதுவே. நிறம் எடுக்கும் கருவியால் கறையின் ஆழமான இடத்தைத் தொட்டுப் பாருங்கள், பிறகு நிலாவுக்கு ஒட்டிய வானத்தைத் தொட்டுப் பாருங்கள். கறையின் எண்கள் வானத்தின் எண்களைவிடக் குறைவாக இருந்தால் அந்த நிலா வானத்துக்கு முன்னால் தொங்குகிறது. பிறையை ஒட்டும்போது இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். நீல அந்தியில் பிறையின் இருண்ட பாகம் கறுப்பு வட்டமாக நிற்கும்.

நிறமும் தானாக வராது. உச்சியில் எடுத்த நிலா சாம்பல் வெள்ளை. நாலைந்து டிகிரி உயரத்தில் இருக்கும் நிலா அடர்ந்த காற்றைத் துளைத்து வருவதால் மஞ்சளும் லேசான காவியும் கலந்திருக்கும். கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடச் சற்றுச் சிவந்து மங்கும். கடலை ஒட்டியே வைப்பதானால் வட்டமும் நசுங்க வேண்டும். ஒளிவிலகல் கீழ்விளிம்பை மேல்விளிம்பைவிட அதிகம் தூக்கிக் காட்டுவதால் உயரம் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்து தெரியும். தலைமட்டத்துக்கு வந்த நிலாவுக்கு இந்த நசுக்கல் கிட்டத்தட்ட இல்லை.

அடுத்தது கடல். நிலா இருந்தும் கீழே தண்ணீர் சும்மா கிடந்தால் படம் பொய் சொல்கிறது. நிலாவுக்கு நேர் கீழே, இம்மியும் சாயாமல், அடிவானத்திலிருந்து நம்மை நோக்கி ஒளிப்பாதை வர வேண்டும். நிலா தாழ இருக்கையில் அது ஒடுங்கி நீளும். உயர உயர அகலும். இதை மென்மையான தூரிகையால் மஞ்சள் பட்டையாக இழுத்தால் துணி விரித்தாற்போல் ஆகிவிடும். அந்த நெடுக்கில் படத்தில் ஏற்கெனவே உள்ள அலைமுகடுகளின் வெளிச்சப் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, நிலாவின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, வெளிச்சத்தைக் கூட்டினால் போதும். அந்தி நேரத்தில் அது அடக்கமாகவே இருக்கட்டும். சிலை நிற்கும் பாறை குறுக்கே வந்தால் பாதை அங்கே அறுபட்டு, பாறைக்கு இப்பால் உள்ள தண்ணீரில் பாறையின் இருண்ட பிம்பத்தைத் தாண்டித்தான் மறுபடி தொடங்கும். விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் பாறையும் சேர்ந்து வரும் சட்டத்தில் நிலாவை இரண்டுக்கும் நடுவே வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். கண்ணாடிப் பாலத்தின் கீழே தண்ணீர் மினுங்க இடம் கிடைக்கும்.

கடைசியில் கூர்மை. நெடுந்தூர லென்ஸில் எடுத்த நிலாவைச் சுருக்கும்போது அதன் விளிம்பு கத்திபோல் ஆகிவிடும். உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த கடலோர வானத்தில், சிலையின் விளிம்பே அத்தனை கூர்மையாக இராது. நிலாவுக்கு ஒரு பிக்சல் அளவு Gaussian Blur கொடுத்து, சிலையின் விளிம்பையும் நிலாவின் விளிம்பையும் நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நிலா எந்த நாளும் சிலையைவிடக் கூர்மையாக இருக்கக்கூடாது. பிறகு வானத்தில் உள்ள மணல்போன்ற இரைச்சலை நிலாவின் மேலும் அதே அளவு தூவ வேண்டும். படத்தில் மேகம் இருந்தால் நிலா அதன் பின்னால்தான் போக வேண்டும். மேகக் கீற்றின் வடிவத்தில் முகமூடி போட்டு நிலாவை அங்கங்கே மறைத்து, மெல்லிய மேகம் கடக்கும் இடத்தில் மட்டும் ஒளி கொஞ்சம் கசிய விடலாம். மேகத்துக்கு முன்னால் நிற்கும் நிலாவை மட்டும் எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது.